யூடியூப் வீடியோவுக்கு நடுவே விளம்பரத்தை எங்கே வைத்தால் ஆட்கள் ஓடாமல் இருப்பார்கள்? எந்த நேரத்தில் எத்தனை சதவீதம் பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் ரிடென்ஷன் கிராஃப் தட்டையாகப் போகும் இடமாகப் பார்த்து வைத்தால் போதுமா?

போதாது. தட்டையான இடங்களிலேயே இரண்டு வகை இருக்கிறது. அது புரியாமல் நானே ஒரு தீபாவளி சீசனைக் கெடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுச் சமையல் சேனலில் அம்மா சமைப்பார், நான் படம் பிடித்து எடிட் செய்வேன். அதிரசம் வீடியோ ஒன்று, 16 நிமிடம் 40 விநாடி. வீடியோ 8 நிமிடத்தைத் தாண்டினால் நடுவில் விளம்பரம் வைக்கலாம் என்பதால், யோசிக்காமல் 3:00, 6:00, 9:00, 12:00 என்று சமமாகக் கூறு போட்டு நான்கு இடம் குறித்துவிட்டேன். தீபாவளி முடிந்து கிராஃபைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 3:00இல் பார்வையாளர்கள் 62 சதவீதத்திலிருந்து 59க்கு இறங்கியிருந்தார்கள். 6:00இல் 51லிருந்து 46. 12:00இல் 36லிருந்து 33. ஆனால் 9:00இல் மட்டும் 43 என்பது 42 ஆனதோடு சரி. அதே வீடியோ, அதே மாதிரி விளம்பரம், ஆனால் ஒரு இடத்தில் மட்டும் யாரும் பெரிதாக அசையவில்லை.

இதை வைத்து உடனே முடிவு கட்ட முடியாது. விளம்பரம் இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்பது தெரிய வேண்டுமே. அதனால் சீசன் முடிந்ததும் நடு விளம்பரங்களை எல்லாம் எடுத்துவிட்டு இரண்டு வாரம் விட்டேன். வெளியான வீடியோவிலும் இதை மாற்றலாம். அப்புறம் அனலிட்டிக்ஸில் அந்தத் தேதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து கிராஃபைப் பார்த்தேன். 3:00இல் விளம்பரமே இல்லாமல் 62 என்பது 60 ஆகியிருந்தது. அரிசியை நிழலில் உலர்த்தும் பகுதி அது, எப்படியும் ஆட்கள் கிளம்பும் இடம். விளம்பரத்தின் மேல் போட வேண்டிய பழி ஒரு புள்ளிதான்.

6:00இல் கோடு அப்படியே படுத்திருந்தது. 51, 51, 51. விளம்பரம் இல்லாதபோது ஒருவர்கூடப் போகாத இடம், விளம்பரம் வைத்தால் பத்தில் ஒருவரை இழக்கிறது! பாகு கொதித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. அடுத்து அம்மா ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிக் காட்டப்போகிறார். அந்தப் பதம் தெரியத்தான் வந்தவர் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கோடு தட்டையாக இருப்பது அவர்கள் எதற்கோ காத்திருப்பதால். அங்கே போய் சோப்பு விளம்பரம் போட்டால் கோபம் வராமல் என்ன செய்யும்? 12:00இலும் இதே கதைதான். அதிரசம் எண்ணெயில் உப்பும் காட்சி, வீடியோவிலேயே ரொம்பத் தட்டையான பகுதி, விளம்பரத்துக்கு ரொம்ப மோசமான பகுதி.

9:00 ஏன் தாங்கியது? மாவைப் பாகில் கிளறி, பாத்திரத்தை மூடி, "ஒரு நாள் அப்படியே இருக்கட்டும்" என்று அம்மா சொல்லி முடிக்கிறார். நாலு விநாடி பேச்சில்லை. பிறகு மறுநாள் காலைக் காட்சி. ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்காத இடைவெளி. கோடு அதற்கு முன்பும் தட்டை, பின்பும் தட்டை. நான் தேடுவது இதைத்தான்: தட்டையான பகுதிக்குள்ளே ஒரு வேலை முடியும் இடம். எனக்கு அது தற்செயலாக அமைந்திருந்தது, அவ்வளவுதான்.

கிராஃபைப் படிக்கும்போது ஏமாறும் இடங்களும் உண்டு. யூடியூப் இந்தக் கணக்கை வீடியோவை நூறு பங்காகப் பிரித்துத்தான் தருகிறது. என் வீடியோவில் ஒரு பங்கு 10 விநாடி. அதனால் கிராஃப் உங்களைத் தெருவரை கொண்டுபோய் விடும், வீட்டு எண்ணைச் சொல்லாது. சரியான விநாடியை எடிட்டரில் ஒலி அலையைப் பார்த்து நீங்களேதான் பிடிக்க வேண்டும். கடைசிச் சொல் ஓய்ந்த பிறகு, அடுத்த காட்சியின் முதல் சத்தத்துக்கு முன்பு.

இன்னொன்று, திரும்பப் பார்ப்பதையும் கிராஃப் சேர்த்து எண்ணுகிறது. பாகு பதம் பார்க்கும் இடத்தில் எனக்கு 58 வரை ஒரு மேடு. அதற்குப் பிறகு 45க்கு வரும் சரிவைப் பார்த்து முதலில் பதறினேன். யாரும் ஓடவில்லை, ரீவைண்ட் செய்தவர்கள் கணக்கிலிருந்து கழிகிறார்கள். மேட்டை ஒட்டிய இரண்டு பக்கத்தையும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இறக்கத்தை அளக்கும்போது புள்ளிகளைக் கழித்துப் பார்த்தால் போதாது. 50லிருந்து 48 ஆனாலும் 2 புள்ளி, 30லிருந்து 28 ஆனாலும் 2 புள்ளி. ஆனால் முதலாவதில் இருந்தவர்களில் 4 சதவீதம் போனார்கள், இரண்டாவதில் கிட்டத்தட்ட 7 சதவீதம். வீடியோவின் பின்பாதியில் கோடு பார்ப்பதற்குத் தட்டையாகத் தெரிவது பல நேரம் இந்தக் கண்கட்டுதான். பார்த்தவர்கள் நூறு பேர்தான் என்றால் ஒருவர் எழுந்து போனாலே ஒரு புள்ளி இறங்கும், அதனால் சில ஆயிரம் வியூ சேரும்வரை நான் தொடுவதில்லை. தீபாவளி நேரத்தில் தேடி வருபவர்களும் மற்ற மாதங்களில் சும்மா வருபவர்களும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

கடைசியில் இரண்டு இடம் வைத்தேன். ஒன்று அந்த 9:00. மற்றொன்று 4:48, மாவு சலித்து முடித்து சல்லடையைத் தட்டிவிட்டு ஓரமாக வைக்கும் இடம். அங்கே இறக்கம் ஒரு புள்ளி. நான்கை இரண்டாக்கியதால் வருமானம் பாதியாகிவிடவில்லை. இடம் ஒதுக்கினால் ஒவ்வொருவருக்கும் அங்கே விளம்பரம் வரும் என்று அர்த்தமில்லை, போடுவதா வேண்டாமா என்பதை யூடியூப்தான் தீர்மானிக்கிறது. 2025 மே 12 முதல் பேச்சுக்கு நடுவில் வெட்டும் இடங்களில் விளம்பரத்தைக் குறைத்து, இயல்பாக நிற்கும் இடங்களில் கூடுதலாகக் காட்டுகிறார்கள். நாம் குறித்த இடம் இடைஞ்சலானது என்றால் யூடியூப் ஸ்டுடியோவே சொல்லும். யூடியூப் தானாகவே குறிக்கும் இடங்களையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவற்றை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். இயந்திரத்துக்கு மௌனம் தெரியும், பாகு பதம் தெரியாது. எங்கள் முறுக்கு வீடியோவில் அம்மா மாவைத் தொட்டுப் பார்த்து யோசிக்கும் மௌனத்தில் ஒன்றை வைத்திருந்தது, நீக்கினேன்.

புது வீடியோவுக்கு இரண்டு வாரம் விளம்பரமில்லாமல் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். பண்டிகை வீடியோ என்றால் அந்த இரண்டு வாரம்தான் காசே. அதே அமைப்பில் உள்ள பழைய வீடியோவின் கோட்டைப் பார்த்து வையுங்கள். இடைவெளியே இல்லையென்றால் படம் பிடிக்கும்போதே உண்டாக்குங்கள். இப்போதெல்லாம் மூடியைப் போட்டதும் அம்மாவே கேமராவைப் பார்த்துக் கேட்கிறார்: "நிக்கட்டுமாடா, இல்ல அடுத்ததுக்குப் போகட்டுமா?"