வெள்ளி நள்ளிரவில் போன ஏழரை ஜிபி

கேள்வி: சார், நான் கோவையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். 350 ரூபாய்க்கு 28 நாள், தினம் 2 ஜிபி என்ற ப்ரீபெய்ட் திட்டம். திங்கள் முதல் வெள்ளி வரை மிச்சமாகும் டேட்டாவைச் சனி, ஞாயிறில் பயன்படுத்தலாம் என்று விளம்பரம். ஆபீஸில் வைஃபை இருப்பதால் வாரநாளில் எனக்கு அரை ஜிபிதான் செலவாகும். மூன்று வாரம் மிச்சம் ஒழுங்காக வந்தது. போன சனிக்கிழமை காலை மறுபடி ரீசார்ஜ் செய்தேன், அந்த வாரத்து மிச்சம் ஏழரை ஜிபி வரவே இல்லை. கஸ்டமர் கேரில் கேட்டால் ‘பேக் முடிஞ்சா டேட்டாவும் முடிஞ்சிடும் மேடம்’ என்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியதை எப்படிப் பறிக்கலாம்? போஸ்ட்பெய்ட் வைத்திருக்கும் என் தோழிக்கு மாதாமாதம் சேர்கிறதே? கேஸ் போடலாமா?
— வாசகி, கோவை

பதில்: சட்டப் புத்தகத்துக்கு முன்னால் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா. 28 நாள் என்பது சரியாக நான்கு வாரம். போன சனிக்கிழமை காலை ரீசார்ஜ் செய்தீர்கள் என்றால், முந்தைய ரீசார்ஜும் ஒரு சனிக்கிழமைதான் நடந்திருக்க வேண்டும். ரீசார்ஜ் செய்த நாளையே முதல் நாளாகக் கணக்கில் எடுப்பார்கள். அப்படி எண்ணினால் 28-ஆம் நாள் வெள்ளிக்கிழமை. அன்று இரவு 12 மணிக்குப் பேக் முடிகிறது. கடைசி வாரத்து மிச்சம் உங்கள் கைக்கு வர வேண்டியதும் அதே 12 மணிக்குத்தான். மிச்சம் பிறக்கும் நொடியில் திட்டம் செத்துவிடுகிறது.

திங்கட்கிழமை ரீசார்ஜ் செய்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவருக்கு 28-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, நான்கு வார மிச்சமும் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ரீசார்ஜ் செய்பவருக்குக் கடைசி வார மிச்சம் சனிக்கிழமை ஒரு நாளுக்கு மட்டும் இருக்கும். உங்களைப் போல சனிக்கிழமை செய்பவருக்கு முதல் சனி, ஞாயிறில் சேமிப்பு எதுவும் இருக்காது, கடைசி வாரத்துச் சேமிப்பு முழுதாகப் போய்விடும். அதே 350 ரூபாய், அதே திட்டம், கிழமை மட்டும் வேறு. இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. உங்கள் வழக்கில் ஏதாவது உயிர் இருக்கிறது என்றால் அது இந்த இடத்தில்தான்.

‘காசு கொடுத்து வாங்கியது’ என்கிறீர்களே, அதில் ஒரு சின்னத் திருத்தம். நீங்கள் 56 ஜிபி வாங்கவில்லை. 28 நாளைக்கு, ஒவ்வொரு நாளும் 2 ஜிபி வரை வேகமாகப் பயன்படுத்தும் உரிமையை வாங்கினீர்கள். மெஸ்ஸில் மாதக் கட்டணம் கட்டியவர் ஒரு நாள் சாப்பிட வராவிட்டால், மறுநாள் இரண்டு சாப்பாடு கேட்க முடியாது, அது போலத்தான். தினசரி அளவு நள்ளிரவில் புதுப்பிக்கப்படுகிறது, மிச்சம் அத்துடன் போச்சு. மிச்சத்தை அடுத்த நாளுக்கோ அடுத்த மாதத்துக்கோ கொண்டுபோயே ஆக வேண்டும் என்று நம் நாட்டில் எந்தச் சட்டமும் கம்பெனியைக் கட்டாயப்படுத்தவில்லை. மொபைல் கட்டணத்தையும் திட்டத்தின் அமைப்பையும் பெரும்பாலும் கம்பெனிகளின் முடிவுக்கே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விட்டுவைத்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 2019 முதல், மீதமான டேட்டாவை அடுத்த காலத்துக்குக் கொண்டுபோக வாடிக்கையாளருக்கு வசதி தர வேண்டும் என்று அங்குள்ள ஆணையமே விதி போட்டிருக்கிறது. இங்கே அப்படி இல்லை.

உங்கள் தோழியின் கதையும் இதேதான். போஸ்ட்பெய்டில் மிச்சம் சேர்வது சட்டம் கொடுத்த உரிமை அல்ல, கம்பெனி விரும்பிக் கொடுக்கும் சலுகை. ஏர்டெல் 2017-ல் போஸ்ட்பெய்ட் வாடிக்கையாளருக்கு இதைக் கொண்டுவந்தபோது 200 ஜிபி வரைதான் சேரும் என்று உச்சவரம்பு வைத்தது. போஸ்ட்பெய்டில் பில் சுழற்சி அறுபடாமல் ஓடுவதால் மிச்சத்தை அடுத்த மாதத்தில் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் இருக்கிறது. ப்ரீபெய்டில் ஒவ்வொரு ரீசார்ஜும் தனி ஒப்பந்தம். பழையது முடிந்து, புதியது தொடங்கும்வரை நடுவில் ஒன்றுமே இல்லை.

ஆனால் கம்பெனி தானாக முன்வந்து ஒரு சலுகையைச் சொல்லி, அதை நம்பி நீங்கள் பணம் கட்டிவிட்டால் கதை வேறு. அப்புறம் அது வாக்குறுதி, ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. திட்டத்தின் கால அளவு, வரம்பு, நிபந்தனை எல்லாவற்றையும் வாடிக்கையாளருக்குத் தெளிவாக வெளியிட வேண்டும் என்று டிராய் 2020 செப்டம்பரில் உத்தரவு போட்டிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது.

அதனால் உங்கள் கேஸின் முடிவு ஒரே ஒரு வரியில் தொங்குகிறது. ஆப்பில் அந்தத் திட்டத்தின் கீழே ‘விவரம்’ என்ற இடத்தைத் தொட்டுத் திறங்கள். ‘மிச்ச டேட்டா அந்த வார இறுதி வரை, பேக் காலத்துக்கு உட்பட்டு’ என்கிற மாதிரி ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கம்பெனிக்குத் தப்பிக்க வழி இருக்கிறது. நீங்கள் பணம் கட்டும் முன்பே அது அங்கே இருந்ததா, கண்ணில் படுகிற இடத்தில் இருந்ததா என்பது மட்டுமே மிஞ்சும் வாதம். அப்படி ஒரு வரியே இல்லாமல் ‘திங்கள் முதல் வெள்ளி வரை மிச்சமாவது சனி, ஞாயிறில் உங்களுக்கு’ என்று மட்டும் இருந்தால், தொடர்ந்து ரீசார்ஜ் செய்த உங்களுக்கு அதை மறுத்தது சேவைக் குறைபாடு என்று தைரியமாகச் சொல்வேன். இந்தப் பக்கங்கள் சொல்லாமல் கொள்ளாமல் மாறும், இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். ரீசார்ஜ் ரசீதும், முன் வாரங்களில் மிச்சம் சேர்ந்ததாக வந்த எஸ்எம்எஸ்களும் அழியாமல் இருக்கட்டும். நான் பார்த்த ஒரு வழக்கில், கட்சிக்காரர் போன் மாற்றியதில் எஸ்எம்எஸ் எல்லாம் போய், வாதாட என்னிடம் வெறும் வாய்தான் மிஞ்சியது.

உங்கள் பக்கக் கணக்குக்கும் ஆதாரம் வேண்டும். ப்ரீபெய்ட் வாடிக்கையாளர் கேட்டால் கடந்த ஆறு மாதத்துக்குள்ளான பயன்பாட்டு விவரத்தைக் கம்பெனி 30 நாளுக்குள் தர வேண்டும், அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. இது டிராயின் 2012 விதி. அந்த ஐந்து நாளும் நீங்கள் அரை அரை ஜிபிதான் செலவழித்தீர்கள் என்பது கம்பெனியின் சொந்தத் தாளிலேயே வந்துவிடும்.

சரி, கேஸ் போடலாமா? உரிமை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. டெலிபோன் தகராறுக்கு நுகர்வோர் மன்றம் போக முடியாது என்று இன்னமும் சொல்பவர்கள் உண்டு. அது தந்திச் சட்டத்தைக் காட்டி 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், தனியார் மொபைல் கம்பெனி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், தந்திச் சட்டம் நுகர்வோர் மன்றத்தின் கதவை மூடவில்லை என்று தெளிவாக்கிவிட்டது. இப்போதைய சட்டத்தில் ‘சேவை’ என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே தொலைத்தொடர்பு இருக்கிறது. நீங்கள் வசிக்கும் கோவையிலேயே மனு போடலாம், கம்பெனியின் தலைமையகத்தைத் தேடிப் போக வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு.

ஆனால் தொகையையும் பார்க்க வேண்டுமே. 350 ரூபாயை 56 ஜிபியால் வகுத்தால் ஒரு ஜிபி ஆறே கால் ரூபாய். ஏழரை ஜிபிக்கு ஏறக்குறைய 47 ரூபாய். அந்த 350-க்குள் பேச்சுக் கட்டணமும் இருப்பதால், எதிர்த்தரப்பு வக்கீல் அதைவிடக் குறைவு என்பார். மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாம் கேட்கலாம், தருவது ஆணையத்தின் விருப்பம். ஒரு வாய்தாவுக்கு லீவு போட்டால் உங்கள் ஒரு நாள் சம்பளம் போகும். இந்தத் தொகைக்கு நேராக ஆணையத்துக்குப் போகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது. முதலில் 198-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். விசாரிப்பதாகச் சொல்லிவிட்டு அழைப்பை வைத்துவிட விடாதீர்கள், புகார் எண் கேட்டு வாங்குங்கள், அது எஸ்எம்எஸ்ஸிலும் வரும். பதில் திருப்தியாக இல்லையா? கம்பெனிக்குள்ளேயே மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருக்கிறார். 30 நாளுக்குள் அவருக்கு மெயிலிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை. அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தில் கோபத்தைக் கொட்டாதீர்கள். ‘இந்தத் தேதியில் இந்த விளம்பரத்தைப் பார்த்தேன், பேக் முடிவோடு மிச்சமும் முடியும் என்று அதில் இல்லை, வெள்ளி இரவு 12 மணிக்கு ஏழரை ஜிபி வர வேண்டியது வரவில்லை, அதைத் திரும்பக் கணக்கில் சேருங்கள்’ என்று நாலே வரி போதும், ஸ்கிரீன்ஷாட்டை இணைத்துவிடுங்கள். பணம் கேட்டால் இழுப்பார்கள். டேட்டாவாகக் கேட்டால் அவர்களுக்குச் செலவு அதிகமில்லை, பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். டிராய்க்கு நேராக எழுதுவதில் பலன் இல்லை, தனிநபர் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை.

‘பேக் முடிந்தால் மிச்சமும் போகும் என்ற நிபந்தனையே அநியாயம்’ என்று அந்த வரியையே எதிர்க்க நினைத்தால், அதற்கு இடம் மாவட்ட ஆணையம் அல்ல. நியாயமற்ற ஒப்பந்தம் என்ற வாதத்தை மாநில ஆணையத்தில்தான் எடுக்க முடியும். பல பேர் இதைத் தவறாக மாவட்டத்தில் போட்டுத் தோற்கிறார்கள். முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லப்பட்ட நிபந்தனை என்றால், அந்த வாதம் நிற்கும் என்று எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

அதுவரை ரீசார்ஜ் கிழமையை மாற்ற முடியுமா பாருங்கள். பேக் முடிந்து, வீட்டு வைஃபையில் சனி, ஞாயிறை ஓட்டிவிட்டுத் திங்கள் காலையில் ரீசார்ஜ் செய்தால் அடுத்த நான்கு வார மிச்சமும் உங்களுக்கே. ஆனால் அந்த இரண்டு நாளும் போன் பேச முடியாமல் போகலாம், அது உங்கள் வசதி. வெள்ளிக்கிழமையே முன்கூட்டி ரீசார்ஜ் செய்தால் மிச்சம் தொடருமா என்று ஆப் சாட்டில் எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். 2022-ல் டிராய் போட்ட விதிப்படி ஒவ்வொரு கம்பெனியிடமும் 30 நாள் திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும். அதில் முடியும் கிழமை ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நகரும் என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் இதே போல முழு வார மிச்சமும் போகாது. அந்தத் திட்டத்தில் வார இறுதிச் சலுகை உண்டா என்று மட்டும் பணம் கட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.