டைப்ரைட்டர் மிஷினில் பழகிய கைக்குக் கணினி: கேள்வி பதில்

வக்கீல் ஆபீஸில் தமிழ் டைப்பிஸ்ட் நான். கணினியில் தமிழ்99 லேஅவுட்டில் "தமிழ்" என்று அடித்தால் "திம்ழ" என்று வருகிறது. கீபோர்டு கோளாறா சார்?

கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது அம்மா, உங்கள் விரல்தான் பழைய வரிசையில் ஓடுகிறது. மிஷினில் புள்ளியும் இகரக் கொக்கியும் நகரா விசைகள். அடித்தால் தாளை ஏந்திய கேரியேஜ் நகராது, அதனால் அவற்றை முதலில் தட்டி, பிறகு எழுத்தைத் தட்டினோம்: த, கொக்கி, ம, புள்ளி, ழ. அதே வரிசையைத் தமிழ்99-ல் அடித்தால் கொக்கி த-வோடும் புள்ளி ம-வோடும் ஒட்டிக்கொள்ளும். இங்கே எழுத்து முன்னால், குறி பின்னால்: த, ம, இ, ழ, புள்ளி. குறி ஓர் எழுத்து முன்னதாகவே போய் ஒட்டியிருந்தால், காரணம் இதுதான் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒற்றைக்கொம்பும் அப்படித்தான். "கொ" மிஷினில் கொம்பு, க, கால் என மூன்று தட்டு. இங்கே க, ஒ என இரண்டு. "வணக்கம்" அடிக்க நடுப் புள்ளியே வேண்டாம். க-வை இருமுறை தட்டினால் க்க தானாக விழும். ஆனால் இதே வசதி "தத்துவம்" என்ற சொல்லில் காலை வாரும். எடுத்தவுடன் "த்த" ஆகிவிடும். முதல் த-வுக்குப் பின் அ-வைத் தட்டிவிட்டு மேலே போங்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு? பாமினி ஃபான்ட் போட்டால் போதுமே, அதுவும் டைப்ரைட்டர்தானே?

பாதி சரி. ய ள ன க ப வரிசை அப்படியே இருக்கும். ஆனால் பாமினியில் "தமிழ்" என்பதற்கு ஆங்கில விசைகள் `jkpo;`, புள்ளி கடைசியில். மிஷின் வரிசையே வேண்டுமென்றால் NHM Writer மென்பொருளில் பழைய டைப்ரைட்டர் லேஅவுட் இருக்கிறது, யூனிகோடிலேயே எழுதும். பாமினி ஃபான்டில் அடித்த கோப்பு, அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரியும்.

நான் அடித்த மனுவில் ஒரு வார்த்தை சேர்த்தால் வரிகள் எல்லாம் உடைகின்றன. இதுவும் லேஅவுட் பிரச்சினையா?

இல்லை ஐயா. மணி அடித்ததும் கேரியேஜைத் தள்ளிய பழக்கத்தில் வரிக்கு வரி என்டர் தட்டுகிறீர்கள். பத்தி முடியும்போது மட்டும் தட்டுங்கள். பழைய கோப்பில் பத்திகளுக்கிடையே வெற்று வரி இருந்தால், வேர்டில் Ctrl+H போட்டு மூன்று மாற்றம், இதே வரிசையில்: `^p^p` → `##`, பிறகு `^p` → ஓர் இடைவெளி, கடைசியில் `##` → `^p`. முதலில் கோப்புக்கு நகல் எடுத்துவிடுங்கள். முகவரி, அட்டவணை வரிகளும் ஒட்டிக்கொள்ளும். அவற்றைக் கையால்தான் பிரிக்க வேண்டும்.

ஓய்வுக்கு இரண்டு வருஷம்தான் இருக்கிறது. நான் மாறத்தான் வேண்டுமா?

என்னைக் கேட்டால் வேண்டாம், பழைய லேஅவுட்டிலேயே வேலையை முடியுங்கள். ஆபீஸ் கணினியில் மென்பொருள் நிறுவ அனுமதி இல்லையென்றால்தான் சிக்கல். புது விண்டோஸில் தமிழ்99 கூடவே வருகிறது. இரண்டையும் ஒரே நாளில் மாற்றி மாற்றி அடிக்க முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். முடிகிறது என்பவர்களும் உண்டு. என் கைக்கு அது ஒத்துவரவில்லை.