வளையல் ஏறவில்லை, சேலை நிறம் வேறு: வெளிநாட்டு ஆர்டர் திரும்பி வராமலிருக்க

கேள்வி: நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகையும் பட்டுச்சேலையும் வாட்ஸ்அப்பில் விற்கிறேன். கனடா, லண்டன் குடும்பங்கள் வாங்கிவிட்டு, வளையல் கையில் ஏறவில்லை, சேலை போட்டோவில் பார்த்த நிறம் இல்லை என்கிறார்கள். திரும்பி வரும் செலவில் லாபம் போகிறது. என்ன செய்வது?

பதில்: வளையல் அளவை வாய்வார்த்தையாக வாங்காதீர்கள். "2.6 போதும்" என்பது பல நேரம் எப்போதோ ஊரில் வாங்கிய வளையலின் ஞாபகம்தான். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையைக் குவித்து, விரல் முட்டிகளின் மேல் மிக அகலமான இடத்தில் நூலைச் சுற்றச் சொல்லுங்கள். அந்த நூலை ஸ்கேலோடு வைத்துப் படம் அனுப்பட்டும்.

நூல் 19.4 செ.மீ. வருகிறது என்று வைப்போம். 3.14-ஆல் வகுத்தால் உள்விட்டம் 6.18 செ.மீ. 2.6 என்பது 2 அங்குலமும், ஓர் அங்குலத்தின் 16 பங்கில் 6 பங்கும், அதாவது 6.03 செ.மீ. இது ஏறாது. 6.35 செ.மீ. உள்ள 2.8-தான் சரி. இடைப்பட்டு வந்தால் எப்போதும் பெரிய அளவையே கொடுங்கள். கல் பதித்த வளையலை அழுத்தி ஏற்றினால் கல் உதிரும். திருகு வைத்த காப்புக்கு மணிக்கட்டின் சுற்றளவு போதும். ஒட்டியாணத்துக்கு, சேலையோ நடன உடையோ உடுத்தியபின் அதன் மேலேயே அளக்க வேண்டும்.

நிறத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கடை விளக்குதான். டியூப்லைட்டில் மெரூன் மங்கிவிடும். மஞ்சள் பல்பில் வெள்ளைச் சரிகையும் தங்கமாகத் தெரியும். காலை வெயில் நேரே விழாத திண்ணையில், விளக்கை அணைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் வைத்து எடுங்கள். படத்தில் தாள் வெள்ளையாகத் தெரிந்தால் சேலை நிறத்தையும் நம்பலாம். ஃபில்டர் வேண்டவே வேண்டாம். மயில்கழுத்து போன்ற இரட்டை நிறப் பட்டுக்குப் படம் போதாது. பாவும் ஊடையும் வேறு வேறு நிறமாக இருப்பதால், பார்க்கும் கோணத்துக்கேற்ப நிறம் மாறும். சேலையை மெல்ல அசைத்து ஒரு வீடியோ எடுத்து, இரண்டு நூலின் நிறத்தையும் எழுதி அனுப்புங்கள்.

நகையில் நம்பிக்கை வருவது பில்லில்தான். வெள்ளியில் தங்கமுலாமா, செம்பில் முலாமா, எத்தனை கிராம் என்று எழுதுங்கள்; பின்பக்கத்தையும் கொக்கியையும் படம் எடுத்துக் காட்டுங்கள். நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு. வேறு ஊரிலிருந்து வாங்கி வைத்த இமிட்டேஷன் செட்டுக்கு அந்தப் பெயரைப் போடுவது நம் ஆசாரிகளின் பிழைப்பைக் கெடுக்கும்.

அனுப்பும்போது, தனியார் கூரியர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை செ.மீ.-இல் பெருக்கி, வழக்கமாக 5000-ஆல் வகுத்து வரும் கிலோ, உண்மை எடையைவிட அதிகமானால் அதற்கே கட்டணம் போடுவார்கள். 40×30×10 பெட்டி என்றால், உள்ளே ஒரு கிலோதான் இருந்தாலும் 2.4 கிலோ கணக்கு. நகைக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கும் என்பதால், பணம் வாங்குமுன் கூரியரிடம் கேட்டுவிடுங்கள். "கிஃப்ட்" என்று போட்டு விலையைக் குறைத்து எழுதவே கூடாது. சுங்கத்தில் மாட்டும், தொலைந்தாலும் எழுதிய தொகைக்கு மேல் இழப்பீடு வராது. அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் இல்லை. வரியை யார் கட்டுவது என்பதை ஆர்டர் எடுக்கும்போதே எழுத்தில் பேசி முடியுங்கள்.