வாடைக் காலமும் 0.875 என்ற ஏயூசியும்: கேள்வி பதில்

பாக் நீரிணைப் பக்கம் கடல்பாசி மிதவைகள் சேதமாகும் நாளை முன்கூட்டிச் சொல்லும் மாடல் ஒன்றைப் பற்றி வந்த கேள்விகள் இவை. பதில் தருபவர் இராமநாதபுரத்தில் புள்ளியியல் கற்பிப்பவர்.

மண்டபம், முதுகலை மாணவி: வடகடலில் 330 நாட்களின் காற்று, அலைத் தரவை வைத்து, மறுநாள் மிதவை சேதமாகுமா என்று லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் செய்தேன். சேதமான நாட்கள் 10. குறுக்குச் சரிபார்ப்பில் ஏயூசி 0.875. நூறு நாளில் 87 நாள் சரியாகச் சொல்கிறது என்று எழுதலாமா ஐயா?

எழுத வேண்டாம் அம்மா. "சேதம் வராது" என்று தினமும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 330 நாளில் 320 நாள் சரியாகிவிடும். அது நூற்றுக்கு 97. ஏயூசி எண்ணுவது நாட்களை அல்ல, சோடிகளை. சேதமான நாள் ஒன்றையும் சேதமாகாத நாள் ஒன்றையும் எடுத்து, மாடல் எதற்கு அதிக நிகழ்தகவு கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். சேதமான நாளுக்கு அதிகம் என்றால் வெற்றி. சமம் என்றால் பாதி வெற்றி. உங்களிடம் 10 × 320, அதாவது 3,200 சோடிகள் இருக்கின்றன. அவற்றில் 2,800 சோடிகளில் மாடல் வென்றிருக்கிறது. எச்சரிக்கை வரம்பை மாற்றிமாற்றி வரையும் ஆர்ஓசி வளைகோட்டின் கீழுள்ள பரப்பும் இதே எண்தான். 1947-இல் மான், விட்னி இருவரும் வெளியிட்ட யூ அளவையைச் சோடிகளின் எண்ணிக்கையால் வகுத்தாலும் இதுவே வரும்.

இப்போது நான் கேட்கிறேன்: அந்தப் பத்து நாட்களும் எந்த மாதங்களில் வந்தன?

அதே மாணவி: பத்தும் வாடைக் காலத்தில்தான், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மாதங்களில் சேதமில்லாத நாட்கள் 80. மீதி 240 நாட்கள் மற்ற மாதங்களைச் சேர்ந்தவை.

என் சந்தேகம் அதுதான். காற்றைப் பற்றியோ அலையைப் பற்றியோ எதுவும் தெரியாமல், வாடைக் காலமா இல்லையா என்பதை மட்டும் அறிந்த ஒரு மாடலை வைத்துக்கொள்வோம். மற்ற மாதங்களின் 240 நாட்களோடு சேரும் 2,400 சோடிகளிலும் அது வென்றுவிடும். வாடைக் காலத்துக்குள் எல்லா நாளுக்கும் ஒரே மதிப்பைத் தருவதால், அங்குள்ள 800 சோடிகளில் பாதி, 400 கிடைக்கும். மொத்தம் 2,800. உங்கள் 0.875 அப்படியே வந்துவிடுகிறது. ஜனவரிக்குப் பிறகு வாடை தணியும் என்று சொல்லக் கடற்கரையில் யாருக்கும் மாடல் தேவையில்லை. நவம்பரில் நாளைக்கா, நாளை மறுநாளா என்பதே அவர்களின் கேள்வி. அதற்குரிய சோடிகள் உங்கள் 3,200-இல் கால் பங்குதான்.

உங்கள் மாடல் அப்படிப்பட்டதுதான் என்று நான் சொல்லவில்லை. வாடைக் காலத்தை மட்டும் தனியே பிரித்து ஏயூசியைக் கணக்கிட்டுப் பாருங்கள்:

```python
m = df["month"].isin([10, 11, 12])
roc_auc_score(df["damage"][m], df["p"][m])
```

இங்கே `p` என்பது குறுக்குச் சரிபார்ப்பில் `predict_proba` தரும் சேத நிகழ்தகவாக இருக்க வேண்டும். `predict` தரும் 0, 1 விடைகளைக் கொடுத்தாலும் ஓர் எண் வரும். ஆனால் அது ஒரே ஒரு வரம்பில் நின்று பார்த்த எண்.

அதே மாணவி: தனியே 0.61 வருகிறது. காற்றின் வேகம், அலை உயரம் இரண்டும் மாடலில் இருக்கின்றன. திசை இல்லை.

அப்படியானால் வாடைக்குள் 488 சோடிகளில் வென்றிருக்கிறது. மற்ற மாதங்களில் 2,312. அங்கே 88 சோடிகளைத் தவறவிட்டிருக்கிறது. அவற்றில் இருப்பவை பெரும்பாலும் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வலுத்த நாட்களாக இருக்கலாம், எடுத்துப் பாருங்கள். கச்சான் அடிக்கும்போது கொந்தளிப்பது மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தென்கடல். வடகடல் கரையின் மறைவில் அடங்கியிருக்கும். வேகத்தை மட்டும் பார்க்கும் மாடல் இரண்டு காற்றையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்ளும். திசையைச் சேர்த்தால் அந்த 88 குறையக்கூடும். ஏயூசியும் ஏறும். ஆனால் அந்த ஏற்றத்தைப் பார்த்து நவம்பர் கணிப்பு மேம்பட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

0.61-ஐயும் இறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது. சேத நாட்கள் பத்தே என்பதால் 95 விழுக்காடு இடைவெளி ஏறத்தாழ 0.41 முதல் 0.81 வரை விரிகிறது. ஒரே புயல் சின்னத்தில் அடுத்தடுத்து மூன்று நாள் சேதமாகியிருந்தால் அவை மூன்று தனிச் சான்றுகள் ஆகமாட்டா, இடைவெளி இன்னும் அகலும். அந்த மூன்று நாட்களையும் சரிபார்ப்பில் ஒரே மடிப்பில் வையுங்கள். ஒன்று பயிற்சியிலும் மற்றொன்று சோதனையிலும் போனால் மாடல் விடையைப் பார்த்து எழுதியதற்குச் சமம்.

பாம்பன், மென்பொருள் பணியாளர்: சேத நாள் குறைவாக இருப்பதுதான் சிக்கல். `class_weight="balanced"` போட்டால் சரியாகிவிடும். நான் எப்போதும் அதைத்தான் செய்வேன்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். 0.5 என்ற வரம்பில் ஒரு நாளுக்கும் எச்சரிக்கை தராத மாடல், இதற்குப் பிறகு எச்சரிக்கை தரத் தொடங்கும். ஆனால் எந்த நாள் எந்த நாளைவிட ஆபத்தானது என்ற வரிசை பெரிதாக மாறாது. ஆகவே ஏயூசியும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். மாறுவது நிகழ்தகவு. 10-க்கு 320 என்ற தரவில் சேத நாளுக்கு 32 மடங்கு எடை கிடைப்பதால், சேதம் வருவதற்கும் வராததற்கும் உள்ள விகிதமான சாதகத் தகவு சுமார் 32 மடங்காகிறது. 0.05 என்று இருந்த நாள் 0.63 ஆகிவிடும். இருபது நாளுக்கு ஒருமுறை சேதமாகும் நிலையை, பாதிக்கு மேல் சேதம் என்று மாடல் அறிவிக்கிறது. ஏயூசியில் இந்தப் பொய் ஒரு புள்ளிகூடத் தெரியாது, ஏனென்றால் அது வரிசையை மட்டுமே பார்க்கிறது.

தங்கச்சிமடம், கடல்பாசி வளர்ப்பவர்: போன வாடையில் எச்சரிக்கை வந்தது என்று, 45 நாள் ஆக வேண்டிய பாசியை 25 நாளிலேயே அறுத்துக் கரையேற்றினோம். கடல் அமைதியாகக் கிடந்தது. எந்த மாதம் மிதவை போடலாம் என்று இந்தக் கணக்கு சொல்லுமா?

மாதத்தைச் சொல்லாது அம்மா. அதில் உங்கள் அனுபவத்தைவிட இந்த மாடலுக்கு அதிகம் தெரியாது. ஆனால் நீங்கள் பட்ட நட்டம் இந்தப் பேச்சின் நடுவில் இருக்க வேண்டியது. முன்கூட்டி அறுத்தால் மிதவைக்கு 1,000 ரூபாய் போகிறது, அறுக்காமல் விட்டுச் சேதமானால் 4,000 ரூபாய் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நிகழ்தகவு 0.25-ஐத் தாண்டினால்தான் அறுப்பது லாபம். மேலே சொன்ன நாளின் உண்மை நிகழ்தகவு 0.05, விட்டுவைப்பதே சரி. 0.63 என்று ஊதிக் காட்டிய மாடல் உங்களை அறுக்கச் சொல்லியிருக்கும். உங்களுக்கு வந்த எச்சரிக்கை எந்தக் கணக்கில் வந்தது என்று எனக்குத் தெரியாது. எச்சரிக்கை வந்த நாட்களில் எத்தனை நாள் உண்மையில் சேதம் வந்தது என்று அனுப்பியவர்களிடம் கேளுங்கள்.

கீழக்கரை, தரவு ஆய்வாளர்: அப்படியானால் ஆர்ஓசியை விட்டுவிட்டு பிரிசிஷன்-ரீகால் வளைகோட்டையே போடலாமே? வீண் எச்சரிக்கை அதில் நேரடியாகத் தெரியும்.

அந்த அம்மாவின் கேள்விக்கு அதுவே நெருக்கமானது, போடுங்கள். ஒரு தயக்கம் எனக்கு உண்டு. அந்த வளைகோட்டின் அடிமட்டம் சேத நாட்களின் பங்கைப் பொறுத்தது: ஆண்டு முழுதும் எடுத்தால் 0.03, வாடைக்குள் மட்டும் எடுத்தால் 0.11. அடுத்த ஆண்டு வாடை கடுமையாக இருந்தால் மாடல் மாறாமலே எண் ஏறும். ஆண்டுகளை ஒப்பிட நான் வாடைக்குள்ளான ஏயூசியையே பார்க்கிறேன்.

கீழக்கரை, தரவு ஆய்வாளர்: நான் உடன்படவில்லை. பத்துச் சேத நாளில் இரண்டு எண்ணுமே ஆடும். எச்சரிக்கை எத்தனை, சேதம் எத்தனை என்று அட்டவணையாக வெளியிடுவதே நேர்மை.

அட்டவணையை முதலில் வைப்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஏயூசியை அதன் கீழே, வாடைக்குள் மட்டும் கணக்கிட்டு, இடைவெளியோடு எழுத வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

மண்டபம், மாணவி: இதே மாடலைத் தென்கடல் மிதவைகளுக்கும் பயன்படுத்தலாமா?

வேண்டாம். அங்கே ஆபத்து கச்சானில் வருகிறது, திசையைச் சேர்த்தாலும் அதன் கெழுவின் குறி மாறிவிடும். தென்கடலின் சேத நாட்களைத் தனியே குறித்து, தனி மாடல் பொருத்துங்கள்.