மூன்று தூண் மேல் ஒரு பீம்: சுழற்சிக் கணக்கில் வந்த கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இரண்டு ஸ்பான் பீமைப் பற்றியவை. எல்லாவற்றுக்கும் காட்பாடியில் ஒரு மாடி வீட்டுக்கு நான் போட்ட பீமையே எடுத்துக்கொள்கிறேன். தூண்கள் A, B, C. முதல் ஸ்பான் 4 மீட்டர், இரண்டாவது 5 மீட்டர். இரண்டின் மேலும் மீட்டருக்கு 24 கிலோநியூட்டன் சீரான லோடு. மூன்றும் சாதாரண சப்போர்ட், பீம் சுழலத் தடையில்லை.

ஒவ்வொரு ஸ்பானுக்கும் 4×4 மேட்ரிக்ஸ் எழுதினேன். சார் கடைசியில் 3×3 தான் என்கிறார். மீதி எங்கே போனது? (கல்லூரி மாணவி, குடியாத்தம்)

ஒரு முனைக்கு இரண்டு அசைவுகள்: மேல்-கீழ் நகர்வு, சுழற்சி. அதனால்தான் ஒரு ஸ்பானுக்கு நான்கு. இரண்டு ஸ்பானுக்கும் B பொதுவான முனை. ஆகவே சேர்த்த பிறகு 8 வராது, 6×6 தான் வரும். மூன்று தூண்களிலும் பீம் மேல்-கீழ் நகராது என்பதால் அந்த மூன்று வரிசைகளையும் நெடுவரிசைகளையும் அடித்துவிடுகிறோம். அடிக்காமல் தீர்க்கப் போனால் மேட்ரிக்ஸின் டிட்டர்மினன்ட் பூஜ்யமாகிவிடும். தாங்க ஆளில்லாத பீம் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று கணக்கு சொல்வதுதான் அது.

மிஞ்சுவது சுழற்சிப் பகுதி. ஒவ்வொரு ஸ்பானிலும் தன் முனைக்கு 4EI/L, எதிர்முனைக்கு 2EI/L. B-யில் மட்டும் இரண்டு ஸ்பானின் விறைப்பும் கூடும்: 1.0 + 0.8 = 1.8.

```
EI × | 1.0  0.5  0   | |θA|   | -32 |
     | 0.5  1.8  0.4 | |θB| = | -18 |
     | 0    0.4  0.8 | |θC|   | +50 |
```

வலது பக்கம் B-க்கு 82 வருகிறது எனக்கு. உங்களுக்கு எப்படி 18? (டிப்ளமோ மாணவர், ராணிப்பேட்டை)

32 என்பதும் 50 என்பதும் wL²/12, அதாவது ஃபிக்ஸட் எண்ட் மொமென்ட். முனையில் போடும் லோடு அதற்கு நேரெதிர். இடஞ்சுழியை பிளஸ் என்று வைத்தால், ஸ்பானின் இடது முனையில் மைனஸ், வலது முனையில் பிளஸ். B முதல் ஸ்பானுக்கு வலது முனை, இரண்டாவதற்கு இடது முனை. ஆகவே 32 − 50 = −18. நீங்கள் இரண்டுக்கும் மைனஸ் போட்டுக் கூட்டியிருக்கிறீர்கள்.

சரியாகத் தீர்த்தால் முதல் வரியிலிருந்து θA = −32 − 0.5θB, மூன்றாவதிலிருந்து θC = 62.5 − 0.5θB (எல்லாம் EI-ஆல் வகுபட வேண்டியவை). நடு வரியில் போட்டால் 1.35θB = −27. அப்போ θB = −20, θA = −22, θC = 72.5.

உங்கள் 82-ல் θA பிளஸ் 1.7 என்று வரும். அதை நம்பினால், கீழ்நோக்கி லோடு ஏறிய ஸ்பான் A பக்கத்தில் மேலே தூக்கிக்கொண்டு கிளம்புகிறது! குறி தப்பியதை அங்கேயே பிடித்துவிடலாம்.

சுழற்சி மூன்றும் சரி. ஆனால் B-யில் இடப்பக்கம் −31, வலப்பக்கம் 13 என்று மொமென்ட் வருகிறது. ஒரே தூணில் இரண்டு விதமா? (சைட் இன்ஜினியர், ஆற்காடு)

சுழற்சியால் வந்ததை மட்டும் எழுதி நிறுத்திவிட்டீர்கள். ஃபிக்ஸட் எண்ட் மொமென்ட்டைத் திரும்பக் கூட்ட வேண்டும். இடப்பக்கம் −31 − 32 = −63, வலப்பக்கம் 13 + 50 = 63. இப்போது சமன். A-யிலும் பாருங்கள்: −22 − 10 + 32 = 0. C-யிலும் பூஜ்யம் வர வேண்டும், வருகிறது. இந்த மூன்று சோதனைகளைச் செய்யாமல் நான் கம்பிக் கணக்குக்குப் போவதே இல்லை.

எங்கள் மனை பழைய ஏரிக்கரை ஓரம். நடுத்தூண் கொஞ்சம் இறங்கினால் இதே கணக்கு செல்லுமா? (வீடு கட்டுபவர், வாலாஜாபேட்டை)

செல்லாது. B-யின் நகர்வு பூஜ்யமில்லை என்றால் அந்த நெடுவரிசையை அடித்துவிட முடியாது. அதிலுள்ள 6EI/L² எண்களை இறக்கத்தால் பெருக்கி வலது பக்கம் கொண்டுபோக வேண்டும்.

பீம் 230×450 மில்லிமீட்டர், எம்25 கான்கிரீட் என்றால் EI சுமார் 43,660 கிலோநியூட்டன்-சதுர மீட்டர். நடுத்தூண் வெறும் 5 மில்லிமீட்டர் இறங்கட்டும். B-யின் மேல்பக்க மொமென்ட் 63-லிருந்து ஏறக்குறைய 30-க்குக் குறைகிறது. நல்லதுதானே என்று விட்டுவிடாதீர்கள். 5 மீட்டர் ஸ்பானின் நடுவே கீழ்ப்பக்க மொமென்ட் 47-லிருந்து 61-க்கு ஏறுகிறது. அடிக்கம்பியை 47-க்கு மட்டும் போட்டிருந்தால் விரிசல் அங்கே வரும், தூண் மேல் அல்ல.

இன்னொன்று. இறக்கம் இல்லாதபோது EI எவ்வளவு என்றாலும் 63 மாறாது. இறக்கம் வந்தால் மாற்றம் முழுக்க EI-ஐப் பொறுத்தது. விரிசல் விட்ட கான்கிரீட்டின் EI குறைவு, மெல்ல இறங்கும் மண்ணில் க்ரீப்பும் சேர்ந்து மொமென்ட்டைத் தளர்த்தும். அதனால் நான் சொன்ன 30-ஐ ஒரு எல்லையாக எடுங்கள், 63-ஐ இன்னொரு எல்லையாக. தூண் மேல் கம்பியை 63-க்கும், 5 மீட்டர் ஸ்பானின் நடுவே அடிக்கம்பியை 61-க்கும் போடச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் அந்த மண்ணைச் சோதித்துவிடுங்கள்.