30 துளைகள், ஒரே உணரி: காற்றை உறிஞ்சிப் பார்க்கும் புகை உணரி பற்றிய கேள்வி பதில்

எங்கள் சர்வர் அறையில், காற்றை உறிஞ்சி உணரிக்குக் கொண்டுசெல்லும் ஒரே குழாயில் 30 துளைகள் உள்ளன. உணரி மீட்டருக்கு 0.08 சதவீத ஒளி மறைப்பிலேயே, அதாவது ஒரு மீட்டர் தூரத்தில் புகை அவ்வளவு ஒளியை மறைத்தாலே, அலாரம் கொடுக்கும் என்கிறார் ஒப்பந்ததாரர். போதும்தானே ஐயா?

அந்த 0.08 என்பது உணரிக்குள் வந்து சேரும் காற்றைக் குறிக்கிறதே தவிர, துளையின் வாயில் நிற்கும் புகையைக் குறிப்பதில்லை. எல்லாத் துளைகளும் ஏறத்தாழச் சமமாகக் காற்றை இழுக்கின்றன என்று கொண்டால், ஒரு துளையில் மட்டும் நுழையும் புகை மற்ற 29 துளைகளின் தூய காற்றோடு கலந்து நீர்த்துவிடும். ஆகவே அந்தத் துளையருகே புகை மீட்டருக்கு 2.4 சதவீதம் என்ற அளவை எட்டினால்தான் அலாரம் ஒலிக்கும். துளைக்கு 0.8 சதவீதத்திற்குக் குறைவாக இருந்தால் மிக முன்னதான எச்சரிக்கை என்றும், 2 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரணக் கூரை உணரிக்கு இணை என்றும் இத்துறையில் வழக்கமாகக் கணக்கிடுவோம். அதன்படி உங்கள் அமைப்பு, விலை உயர்ந்த கருவியைக் கொண்டிருந்தும், சாதாரண வகையில்தான் சேர்கிறது. இதே அலாரம் அளவில் 9 துளைகள் மட்டும் இருந்தால் துளைக்கு 0.72 சதவீதம் வரும். எனவே துளைகளைப் பல உணரிகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். அல்லது அறையின் இயல்பான காற்று போதிய அளவு தூய்மையாக இருக்குமானால், பல நாட்கள் பதிவெடுத்துப் பார்த்த பிறகு அலாரம் அளவை இறக்குங்கள்.

புகை பரவினால் பல துளைகளில் ஒரே நேரத்தில் நுழையுமே. அப்படியிருக்க, ஒரு துளையை மட்டும் வைத்துக் கணக்கிடுவது மிகையான அச்சம் அல்லவா?

நீங்கள் சொல்வதில் பாதி சரி. மீட்டருக்கு 0.4 சதவீத அளவில் மெல்லிய புகை 6 துளைகளை அடைந்தால், 30 துளைகளுக்குப் பகிர்ந்த பின்னும் உணரியில் 0.08 வந்துவிடும். கூரை உயரமான, காற்று அசையாத அரங்குகளில் இது உண்மையான பலன். ஆனால் சர்வர் அறையில் குளிரூட்டியின் காற்றோட்டம், கருகும் கம்பியின் சிறு புகையைக் கூரைக்கு எழவிடாமல் காற்று குளிரூட்டிக்குத் திரும்பிச் செல்லும் வாய்க்கு இழுத்துச் சென்றுவிடுகிறது. அதனால்தான் அந்த வாயின் குறுக்கே ஒரு குழாயைப் பொருத்தி, சுமார் 0.4 சதுர மீட்டருக்கு ஒரு துளை வைக்கிறோம். அதற்காகக் கூரைக் குழாயைக் கைவிட்டுவிடாதீர்கள். பராமரிப்புக்காகவோ மின்தடையாலோ குளிரூட்டி நின்றுவிட்டால் அந்த வாய்க்குக் காற்றே வராது. அப்போது புகை மேலே எழும், கூரைக் குழாய்தான் அதைப் பிடிக்கும்.

நான் ஓர் அருங்காட்சியகத்தில் பணிபுரிகிறேன். கூரைக்கு வண்ணம் பூசிய பிறகும் பேனலில் எந்தக் கோளாறும் காட்டவில்லை. துளைகள் நன்றாக இருப்பதாகத்தானே பொருள்?

அப்படிக் கொள்ளவே கூடாது. கோளாறுக் குறி மொத்தக் காற்றோட்டத்தைப் பார்த்து வருவது. இஎன் 54-20 என்ற ஐரோப்பியத் தரநிலை அந்த ஓட்டம் 20 சதவீதம் மாறும்போதுதான் கோளாறு காட்ட வேண்டும் என்கிறது. 30 துளைகளில் ஒன்று அடைபட்டால் குறைவது சுமார் 3 சதவீதம்; அதையும் மற்ற துளைகள் ஓரளவு ஈடுகட்டிவிடும். ஆக, ஆறு துளைகள் வண்ணத்தில் மூடிக்கிடந்தாலும் பேனல் பச்சையாகவே இருக்கக்கூடும். அருங்காட்சியகங்களில் ஓவியக் கூரையைக் கெடுக்காமலிருக்க மெல்லிய நுண்குழாயைக் கூரைக்குள் மறைத்து, ஊசித்துளை போன்ற வாயை மட்டும் வெளியே விடுவதால், ஒரே தூரிகை வீச்சில் அது அடைபட்டுவிடும். ஒவ்வொரு துளையிலும் சோதனைப் புகை காட்டி, உணரி அதைக் காணும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவியபோது எடுத்த அளவோடு ஒப்பிட்டு நேரம் கூடியிருந்தால் அந்த வழியில் அடைப்போ விரிசலோ இருக்கிறது. ஊதிச் சுத்தம் செய்யும்போது குழாயை உணரியிலிருந்து கழற்றிவிட்ட பிறகே ஊதுங்கள். இல்லையெனில் தூசி முழுவதும் உணரிக்குள் போய்ச் சேரும்.

இவ்வளவு சீக்கிரம் தெரிந்துவிடும் என்றால், முதல் எச்சரிக்கையிலேயே அணைப்பு வாயுவைத் திறந்துவிடலாமா?

கூடாது. முதல் எச்சரிக்கை ஒருவரை அனுப்பித் தேடச் செய்வதற்கானது. வாயுவை வெளியிடுவதற்கு உயர்ந்த அலாரம் நிலையும், பெரும்பாலும் வேறொரு உணரியின் உறுதிப்பாடும் தேவை.

எங்கள் உணரி பக்கத்து அறையில் இருக்கிறது. குளிரூட்டி மாறும் ஒவ்வொரு முறையும் காற்றோட்டக் கோளாறு வருகிறது. உணரியே பழுதா?

பெரும்பாலும் இல்லை. இரு அறைகளின் காற்றழுத்தம் வேறுபடுவதால், உறிஞ்சிய காற்று பக்கத்து அறையில் வெளியேறும்போது ஓட்டம் மாறிக்கொண்டே இருக்கும். வெளியேற்றுக் குழாயைக் காற்று எடுக்கும் அதே அறைக்குத் திருப்பிவிடுங்கள்.

ஒவ்வொரு ரேக்கிற்குள்ளும் துளை வைக்க வேண்டுமா?

இதில் துறையினரிடையே ஒருமித்த கருத்து இல்லை. எந்த ரேக் என்று அறிய அது உதவும் என்பது ஒரு தரப்பு; துளைகள் பெருகி, மேலே சொன்ன நீர்த்தல் கூடிவிடும் என்பது மறுதரப்பு. கதவு மூடிய, தனி விசிறி கொண்ட ரேக்குகளுக்கு மட்டும், அவற்றுக்கெனத் தனி உணரியுடன் வைப்பதே என் பரிந்துரை.