நான்கு வார இன்டர்ன்ஷிப்பில் யாரிடம் போய் நிற்பது?

கேள்வி: மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். கப்பலூரில் வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனியில், குவாலிட்டி பிரிவில் நான்கு வாரம் இன்டர்ன்ஷிப். முதல் வாரம் முடிந்துவிட்டது. கைடாகப் போட்ட மேனேஜரை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். 'உள்ளேயே ஒரு மென்டரைப் பிடிச்சுக்கோ' என்று சீனியர்கள் சொல்கிறார்கள். யாரைப் பிடிப்பது, எப்படிப் போய்க் கேட்பது? எனக்குக் கூச்சம் வேறு. (வாசகி, உசிலம்பட்டி)

பதில்: சனிக்கிழமையையும் சேர்த்தால் இன்னும் 18 வேலை நாள் இருக்கிறது. கடைசி நாலைந்து நாள் ரிப்போர்ட், கையெழுத்து, சீல் என்று ஓடிவிடும். மிச்சம் 13 நாள். இவ்வளவு குறைந்த நாளுக்கு ஒருவரிடம் போய் 'சார், எனக்கு மென்டரா இருப்பீங்களா?' என்று கேட்டால், தான் எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்பதே அவருக்குப் புரியாது. தினமும் பாடம் எடுக்க வேண்டுமா, நாளைக்கு வேலைக்குச் சிபாரிசு செய்ய வேண்டுமா? 'பாக்கலாம்மா' என்பார். அப்புறம் உங்களைக் கண்டால் வேறு பக்கமாக நடப்பார். அதனால் அந்தக் கேள்வி வேண்டவே வேண்டாம். பத்து நிமிஷத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரு வேலைக் கேள்வியோடு போங்கள்.

யாரிடம் என்பதைப் பார்ப்போம். மேனேஜரை இதற்கு எதிர்பார்க்காதீர்கள். வருகைப் பதிவு, மதிப்பீட்டுத் தாள், கல்லூரிக்குப் போகும் சான்றிதழ் எல்லாம் அவர் கையில்தான் இருக்கும், அந்த மரியாதையை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டியவர், பிரஸ் நின்றுபோனால் ஆபரேட்டர்கள் தேடிப் போகிற ஆள். அவரைக் கண்டுபிடிக்க யாரையும் விசாரிக்கத் தேவையில்லை. ரிஜெக்ஷன் ரெஜிஸ்டரில் 'எடுத்த நடவடிக்கை' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'ஆபரேட்டரிடம் கூறப்பட்டது' என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். 'மோல்டு கழற்றிச் சுத்தம் செய்தபின் சரியானது' என்று காரணத்தோடு எழுதுகிற கையெழுத்து ஒன்று இருக்கும். அந்தக் கையெழுத்து யாருடையது என்று பாருங்கள்.

பெரும்பாலும் அது ஐந்து முதல் பத்து வருஷ அனுபவமுள்ள ஒரு குவாலிட்டி இன்ஜினியராகவோ ஷிஃப்ட் சூப்பர்வைசராகவோ இருக்கும். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து மேலே வந்தவராக இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். போன வருஷம் சேர்ந்த டிரெய்னிகள் பேசுவதற்கு நல்ல துணை, ஆனால் அவர்களே இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். இருபது வருஷ ஆபரேட்டர் அண்ணனுக்குத் தெரிந்தது நிறைய. ஆனால் அவர் கையில் மணிக்கு இத்தனை உருப்படி என்ற கணக்கு இருக்கிறது, நின்று பேச நேரம் இராது. அவரிடம் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், கேட்பதை டீ நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: நீங்கள் கேட்காமலே தானாக வந்து 'எல்லாம் நான் சொல்லித் தர்றேன்' என்று நாள் முழுக்கப் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு அங்கே வேலை அதிகம் கொடுக்கப்படவில்லை என்று அர்த்தம். அது ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆள் தெரிந்துவிட்டால் அடுத்தது கேள்வி. 'ரப்பர் மோல்டிங் பத்திச் சொல்லுங்க சார்' என்பது கேள்வி ஆகாது, அது புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தக் கம்பெனியின் தரையில் நீங்களே கவனித்த ஒன்றாக இருக்க வேண்டும். எப்படி என்று ஒரு கணக்கோடு காட்டுகிறேன்.

ரெஜிஸ்டரைப் பார்க்க முதலில் அனுமதி கேளுங்கள். ஏதாவது ஒரு பாகத்தை, ஒரே ஒரு பிரஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுக் குழி மோல்டு, 160 டிகிரியில் 8 நிமிஷம் வேக வைக்கிறார்கள், எடுத்து மறுபடி நிரப்ப 2 நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஆறு சுற்று, 48 உருப்படி. இடைவேளை போக ஒரு ஷிஃப்டுக்கு 360 வரும். அதில் 22 ரிஜெக்ட் என்று ரெஜிஸ்டர் சொல்கிறது. இந்த 22 பெரிய செய்தி இல்லை, மொத்த எண்ணிக்கை எல்லாருக்கும் தெரியும். மணிவாரியாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். 13 உருப்படி முதல் மணி நேரத்திலேயே போயிருக்கிறது, மீதி ஆறரை மணி நேரத்துக்கும் சேர்த்து 9 தான் என்று வந்தால், அங்கேதான் உங்கள் கேள்வி இருக்கிறது. ஒரு நாள் கணக்கு போதாது. இரண்டு மூன்று நாள் கணக்கிலும் அப்படியே வருகிறதா, எல்லாம் ஒரே வகைக் குறையா (உள்ளே குமிழா, குழி நிரம்பாததா) என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஷிஃப்ட் மாறும்போது நேரில் போய்ப் பாருங்கள். ஜெனரல் ஷிஃப்டில் வருகிற உங்களுக்கு மதியம் 2 மணி மாற்றம் வசதி. போகிறவர் கடைசி உருப்படிகளை எடுத்துவிட்டு மோல்டைத் திறந்தபடியே விட்டுப் போகிறார், வருகிறவர் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, கையுறை மாட்டி, பிரஸ்ஸுக்கு வருவதற்குள் கால் மணி ஆகிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கேட்க உங்களிடம் ஒன்று இருக்கிறது.

கேட்கும் நேரமும் முக்கியம். காலை உற்பத்திக் கூட்டத்துக்கு முன்னால் வேண்டாம், ஷிஃப்ட் மாறின அரை மணிக்குள் வேண்டாம், வாடிக்கையாளர் ஆடிட் வருகிற நாளில் அந்தப் பக்கமே போகாதீர்கள். மூன்றரை மணி டீ நேரம் நல்ல நேரம். நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்:

"சார், நான் குவாலிட்டில இன்டர்ன். மூணு நாள் ரிஜெக்ஷனை மணிக்கணக்கா பிரிச்சுப் பார்த்தேன். ரெண்டு மணி ஷிஃப்ட்ல முதல் ஒரு மணி நேரத்துலதான் குமிழ் அதிகமா வருது. மோல்டு திறந்தே இருந்து ஆறிப்போறதாலயான்னு ஒரு சந்தேகம். நான் நினைக்கிறது சரியா தப்பான்னு தெரியல, நாளைக்குப் பத்து நிமிஷம் பார்த்துச் சொல்ல முடியுமா சார்?"

மனப்பாடம் பண்ண வேண்டாம். கூச்சமாக இருந்தால் கணக்கு எழுதின தாளைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், பேச்சைத் தாள் பார்த்துக்கொள்ளும். 'இன்னிக்கே' என்று கேட்காமல் 'நாளைக்கு' என்று கேட்பதற்குக் காரணம், அவருக்கும் ஒருமுறை தரையில் போய்ப் பார்த்துவிட்டு வர நேரம் கிடைக்கட்டும் என்பதுதான்.

விஷயம் தெரிந்தவர் என்றால் அநேகமாக இப்படிப் போகும். பிரஸ்ஸின் டிஸ்பிளே 160 என்று காட்டினாலும் அது சூடேற்றும் தட்டின் வெப்பம், மோல்டின் மேற்பரப்பு வெப்பம் வேறு என்பார். தொட்டுப் பார்க்கும் பைரோமீட்டரை மோல்டில் வைத்துக் காட்டுவார். 150 என்று வந்தால், பத்து டிகிரி குறைந்தாலே வேகும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது ரப்பர் தொழிலில் எல்லாரும் சொல்லும் கைக்கணக்கு. டைமர் மட்டும் அதே 8 நிமிஷம். முழுதாக வேகாத ரப்பரைப் பிரஸ்ஸிலிருந்து விடுவித்ததும் உள்ளே குமிழ் விடும். அந்த உருப்படியின் ஷோர் ஹார்ட்னெஸ்ஸும் மற்றதைவிடக் குறைவாகக் காட்டும். அதை நீங்களே அளந்து உறுதி செய்யலாம். குறை குமிழாக இல்லாமல் குழி நிரம்பாததாக இருந்தால் கதை வேறு. அப்போது வெட்டி வைக்கும் துண்டின் எடையைப் பார்க்கச் சொல்வார். உங்கள் ஊகம் தப்பாகப் போனாலும் நஷ்டம் ஒன்றுமில்லை, தப்பு எங்கே என்று சொல்ல அவர் உட்கார்ந்துவிட்டார் அல்லவா?

அடுத்த படியில்தான் பல பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். அவர் 'பத்து உருப்படி ஹார்ட்னெஸ் எடுத்துப் பாரும்மா' என்று சொல்லியிருப்பார். மறுநாள் அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே போய் 'எடுத்தேன் சார், முதல் சுற்று உருப்படி எல்லாம் குறைவாத்தான் இருக்கு' என்று சொல்ல வேண்டும். சொன்னதைச் செய்து, முடிவோடு திரும்பி வந்தவரை அவர் இரண்டாம் தடவை தானாகக் கூப்பிட்டு அடுத்ததைக் காட்டுவார். அதற்குமேல் அந்த உறவுக்கு ஒரு பெயர் வைத்தாலும் ஒன்றுதான், வைக்காவிட்டாலும் ஒன்றுதான்.

எல்லாரும் அப்படி அமைய மாட்டார்கள். ஒற்றை வார்த்தையில் பதில் வருகிறது, உங்கள் தாளை வாங்கிப் பார்க்கவே இல்லை என்றால் வேறொரு நாளில் இன்னொரு தடவை மட்டும் முயன்று பாருங்கள். அப்போதும் அதே என்றால் அடுத்த ஆளிடம் போங்கள். 13 நாளில் ஒருவருக்காக ஒரு வாரம் காத்திருக்க முடியாது. அவர் கெட்டவர் என்று நினைக்கவும் வேண்டாம், ஒரு டெஸ்பாட்ச் நெருக்கடி போதும் யாருக்கும் முகம் இறுக.

மேனேஜருக்கு இது அடுத்தவர் வாயால் தெரியக் கூடாது. முதல் பேச்சு முடிந்த அன்றே சொல்லிவிடுங்கள்: "சார், இந்த ரிஜெக்ஷன் விஷயமா அவர்கிட்ட சந்தேகம் கேட்டுக்கிட்டிருக்கேன், உங்களுக்கு ஆட்சேபணை இல்லைதானே?" பெரும்பாலும் அவருக்கு நிம்மதிதான். கண்டுபிடித்ததை அவரிடம் காட்டும்போது 'ஆபரேட்டர் மோல்டைத் திறந்து போட்டுட்டுப் போறாரு' என்று சொல்லாதீர்கள். 'ஷிஃப்ட் மாறும்போது மோல்டு ஆறிடுது' என்று சொல்லுங்கள். முதலாவது வாக்கியம் ஒரு ஆபரேட்டரை மெமோ வரை கொண்டுபோய்விடும், அதற்கப்புறம் அந்தத் தரையில் உங்களிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ரப்பர் கம்பெனியில் கலவைச் சூத்திரம் ரகசியம். காம்பவுண்டுகளை எண்ணால்தான் குறிப்பிடுவார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று எவ்வளவு நெருங்கியவரிடமும் கேட்காதீர்கள். ரெஜிஸ்டரை மொபைலில் படம் எடுக்காதீர்கள். கையால் எழுதியதையும் ரிப்போர்ட்டில் சேர்க்கும் முன் கேட்டுவிடுங்கள், உண்மையான எண்களுக்குப் பதில் சதவீதமாகப் போடச் சொல்வார்கள்.

பேச்செல்லாம் கேண்டீன், ஆய்வு மேசை மாதிரி நாலு பேர் பார்க்கும் இடத்தில், வேலை நேரத்துக்குள் இருக்கட்டும். திருமங்கலம் வந்து உசிலம்பட்டி பஸ் பிடிக்க வேண்டிய உங்களுக்கு 'ஷிஃப்ட் முடிஞ்சு இருங்க, சொல்லித் தர்றேன்' என்பது சரிப்படாது, 'பஸ்ஸுக்கு நேரமாச்சு சார்' என்பதே போதுமான பதில். வேலைக்குச் சம்பந்தமில்லாத மெசேஜ் வந்தாலோ வேறு எதுவும் சங்கடமாக நடந்தாலோ, 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பயிற்சியில் இருப்பவரும் உள்ளகப் புகார்க் குழுவிடம் போகலாம். பத்துப் பேர் அல்லது அதற்குமேல் வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருந்தே ஆக வேண்டும்.

கடைசி வாரம் அவரிடம் முழு ரிப்போர்ட்டை நீட்டாதீர்கள், நாற்பது பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள். அந்த ஒரு பிரஸ்ஸின் கதையை ஒரே பக்கத்தில் எழுதி 'எங்க தப்பு இருக்குன்னு மட்டும் சொல்லுங்க சார்' என்று கேளுங்கள். நம்பரும் அப்போதே கேட்டு வாங்குங்கள், ஹெச்.ஆரிடமிருந்தோ வேறு யாரிடமிருந்தோ வாங்காதீர்கள். கல்லூரி திரும்பி வைவா முடிந்ததும் ஒரு மெசேஜ் போடுங்கள்: வைவாவில் என்ன கேட்டார்கள், அவர் காட்டியது எந்தக் கேள்விக்கு உதவியது, ஷிஃப்ட் மாறும்போது இப்போது மோல்டை மூடி வைக்கிறார்களா என்று. வேலை கேட்பதை அந்த மெசேஜில் சேர்க்க வேண்டாம். அதைக் கடைசி வருஷம் கேம்பஸ் தொடங்கும் சமயத்தில் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.